முள் குத்தினால் சோற்றை உருட்டி விழுங்காதீர்கள்

காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை செய்யும் எங்களுக்கு மீன் முள் புதிய விஷயம் இல்லை. ஆனால் சமீபத்தில் வந்த ஒருவரைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐம்பது வயதுக்காரர். இரவுச் சாப்பாட்டின்போது தொண்டையின் வலப்பக்கம் முள் குத்தியிருக்கிறது. வீட்டில் சொன்னபடி பெரிய பெரிய சோற்று உருண்டைகளை மெல்லாமல் விழுங்கினார். அதற்கு மேல் ஒரு வாழைப்பழம். மேலே இருந்த குத்தல் குறைந்ததும், முள் போய்விட்டது என்று படுத்துவிட்டார். மறுநாள் எச்சில் விழுங்கும்போது கழுத்தின் அடியில் வலி. மூன்றாம் நாள் காய்ச்சலும் கழுத்து வீக்கமுமாக வந்தார். சிடி ஸ்கேனில் முள் உணவுக்குழாயின் தொடக்கத்தில் குறுக்காகக் கிடந்தது. ஒரு முனை சுவரைத் துளைத்து, வெளியே சீழ் கட்டியிருந்தது. கழுத்தைத் திறந்து சீழை வடித்து முள்ளை எடுத்தோம். பிறகு பல நாள் மூக்கு வழிக் குழாயில்தான் அவருக்குச் சாப்பாடு.

முதல் இரவே வந்திருந்தால்? பெரும்பாலான முட்கள் டான்சிலிலோ நாக்கின் அடிப்பகுதியிலோதான் குத்தி நிற்கும். வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்து, இடுக்கியால் எடுத்துவிடலாம். கொஞ்சம் கீழே இருந்தால் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்போம். அநேகமாக அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பார்.

சோற்று உருண்டை, பழம், ரொட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பாதி இறங்கிய ஆணியைச் சுத்தியலால் அடித்தால் அது வெளியே வராது. மேலோட்டமாக ஒட்டியிருக்கும் சிறு முள் உருண்டையோடு போய்விடுவது உண்டு. அப்படித் தப்பித்தவர்கள்தான் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறார்கள். சதையில் குத்தி நிற்கும் முள்ளோ இன்னும் ஆழமாக இறங்கும், உடையும், இல்லையென்றால் எங்களுக்கு எளிதில் எட்டும் இடத்திலிருந்து எட்டாத இடத்துக்குப் போகும். இன்னொன்றும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். கெட்டியான உணவு சாப்பிட்டிருந்தால் வழக்கமாக 6 மணி நேரம் காத்திருக்கச் சொல்வோம். நீங்கள் விழுங்கிய உருண்டை அந்தச் சிகிச்சையையும் தள்ளிப்போடுகிறது.

வினிகர், எலுமிச்சைச் சாறு குடித்தால் முள் கரையும் என்பதும் வீண். தொண்டையைக் கடந்து போகும் அந்தச் சில நொடிகளில் எந்த முள்ளும் கரையாது. விரலை விட்டுத் துழாவாதீர்கள், வாந்தி எடுக்க முயலாதீர்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? சாப்பிடுவதை நிறுத்துங்கள். வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு மெதுவாக இருமிப் பாருங்கள். ஒன்றிரண்டு வாய் தண்ணீர் குடிக்கலாம். அவ்வளவுதான். எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே பக்கம் சுருக்கென்று குத்தினால் முள் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சில சமயம் முள் போன பிறகும் கீறல் ஓரிரு நாள் உறுத்தும். ஆனால் அது கீறலா முள்ளா என்பதை உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பல மீன் முட்கள் எக்ஸ்ரேயில் விழுவதில்லை. வலி தொடர்ந்தால் சிடி தேவைப்படும்.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தால், துப்பினால் ரத்தம் வந்தால், குரல் மாறினால், நெஞ்சிலோ முதுகிலோ வலித்தால், காய்ச்சலோ கழுத்து வீக்கமோ வந்தால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முள் இல்லாமல் இறைச்சித் துண்டு அடைத்துக்கொண்டு, குடித்த தண்ணீரும் திரும்பி வந்தாலும் அப்படித்தான். மேலும் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மூச்சே அடைத்து, பேசவோ இருமவோ முடியாவிட்டால் அது வேறு அவசரம். மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரம்கூட அதில் கிடையாது. ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். இன்னொருவர் மூச்சடைத்தவரை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். பலன் இல்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்சில்தான் அழுத்த வேண்டும். நினைவு தப்பினால் உடனே நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியைத் தொடங்குங்கள். இருமிக்கொண்டிருப்பவரை மட்டும் தயவுசெய்து தட்டாதீர்கள், இருமவிடுங்கள்.

பல்செட் போட்டிருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு முள்ளை நீங்களே பார்த்து எடுத்துக் கொடுங்கள். மேலண்ணத்தைச் செட் மூடியிருப்பதால் வாய்க்குள் முள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.