கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வராதீர்கள்

போன புதன்கிழமை எங்கள் அல்சூர் கடைக்கு ஒருவர் தொப்பியோடு வந்தார். ஐம்பத்திரண்டு வயது. சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். தொப்பியைக் கழற்றியதும் எனக்கு வந்தது சிரிப்பல்ல, எரிச்சல். இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள்.

ஆன்லைனில் வாங்கிய ஹேர் பேட்ச், அதாவது வழுக்கையை மட்டும் மூடும் சின்ன விக். எட்டுக்கு ஆறு அங்குலம், மைக்கறுப்பு. புருவத்துக்கு மேலே இரண்டே விரலில் முடி தொடங்குகிறது. காதோரம் மூன்றில் ஒரு பங்கு நரை, மேலே கருங்காடு. "நல்லா அடர்த்தியா இருந்தாத்தானே தம்பி இயற்கையா தெரியும்?" என்றார்.

இல்லை சார். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றிவிட்டது. ஐம்பது வயதுக்காரருக்குப் பக்கத்து முடியே மெலிந்திருக்கும். மேலே மட்டும் இருபது வயது முடியை வைத்தால், பார்ப்பவர் கண் நேராக அந்த இரண்டும் சேரும் கோட்டுக்குத்தான் போகும். விக்கைக் காட்டிக்கொடுப்பது முடி குறைவதல்ல, கூடுவதுதான். கடைக்காரர் 120, 130 சதவீதம் அடர்த்தி என்று பெருமையாக எடுத்து நீட்டுவார். நடுவயதுக்கு 80, 90 போதும். வகிடு எடுத்தால் உள்ளே தோல் கொஞ்சம் தெரிய வேண்டும். உங்கள் சொந்த முடியிலும் அப்படித்தானே தெரிந்தது?

நெற்றிக்கோடும் அப்படியே. புருவங்களுக்கு நடுவிலிருந்து நான்கு விரல் மேலே தொடங்கட்டும். இரு ஓரமும் கொஞ்சம் ஏறியிருக்கட்டும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக எந்த ஆம்பளைக்கும் முடி முளைப்பதில்லை.

அவர் பேட்சைக் கழற்றினேன். நான்கு கிளிப். ஒவ்வொரு கிளிப் கடித்த இடத்திலும் மிச்சமிருந்த முடி ஒடிந்து, காசு அளவு வெற்றிடம். முழு வழுக்கை ஆகாமல் மெலிந்துகொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பலவீனமான முடியைப் பிடித்துத் தொங்கும் கிளிப், தினமும் இழுத்து இழுத்து அதையும் பிடுங்கிவிடும். எப்போதாவது ஒரு விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். இவர் ஆறு வாரம் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. அடியில் வியர்வை ஊறித் தோல் சிவந்து கொப்புளமாகியிருந்தது.

அன்றைக்கு நான் எதையும் ஒட்டவில்லை. புண்ணின் மேல் பேட்ச் ஒட்டும் டேப்பைப் போடமாட்டேன், எவ்வளவு காசு கொடுத்தாலும். தோல் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, "சனிக்கிழமை மைசூரு பேட்டா தலைப்பாகை கட்டிக்குங்க சார், பெண்ணோட அப்பாவுக்கு அதைவிட என்ன அழகு?" என்றேன். கோபித்துக்கொண்டுதான் போனார். மறுநாள் போன் செய்து, புண் ஆறியதும் வருவதாகச் சொன்னார்.

வந்தால் இப்படித்தான் செய்வேன். தலையில் சமையலறை பிளாஸ்டிக் உறையை இறுக்கி, மேலே செலோ டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, முடி மெலிந்த இடத்தை மட்டும் மார்க்கரால் வரைந்து அச்சு எடுப்பேன். அவர் வாங்கிய எட்டுக்கு ஆறு, நன்றாக இருந்த முடியையும் சேர்த்து மூடியிருந்தது. முன்பக்கம் லேஸ் என்ற மெல்லிய வலைத்துணி, முடி அங்கிருந்தே முளைத்தது போலத் தெரியும். நிறத்துக்குக் காதோரத்திலிருந்தும் பின்னந்தலையிலிருந்தும் கொஞ்சம் வெட்டி, பேட்ச் செய்பவர்களுக்கு மாதிரி அனுப்புவேன், போட்டோவை நம்பமாட்டேன். நரையும் சேர்த்தே கேட்பேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: மனித முடி பேட்சிலும் நரைக்குப் பெரும்பாலும் செயற்கை இழையைத்தான் கலக்கிறார்கள். சூடான ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் அது பொசுங்கிச் சுருண்டுவிடும்.

ஒட்டுவதற்கு முன் டேப்பையும் பசையையும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் வைத்து இரண்டு நாள் பாருங்கள். அரித்தால் வேறு வகை தேட வேண்டியதுதான்.

பராமரிப்பில் எல்லோரும் கோட்டைவிடுவது எண்ணெயில். பேட்ச் முடிக்கு வேரில்லை, தலையின் எண்ணெய் அதற்கு ஏறாது, அதனால் காயும். உடனே அம்மா சொன்னபடி தேங்காயெண்ணெயை அடிவரை தேய்க்கிறார்கள். டேப் இளகி, மத்தியான மீட்டிங்கில் முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. கண்டிஷனரை நுனிப்பக்கம் மட்டும் தடவி அலசினால் போதும். போர்வெல் தண்ணீரில் குளிக்கும் வீடென்றால், கடைசி அலசலுக்கு ஒரு செம்பு ஃபில்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் முடி நார்போல ஆகிவிடும். வெயிலில் நிறம் செம்பட்டையாக மாறினால் வீட்டில் கறுப்பு டை அடிக்காதீர்கள், என்னிடம் கொண்டு வாருங்கள்.

டேப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஏப்ரல் வெயிலில் அதற்கும் முன்னாலேயே. தயவுசெய்து பிய்க்காதீர்கள். ரிமூவரை ஓரத்தில் தெளித்து ஐந்து நிமிடம் பொறுத்தால் தானே கழன்று வரும். அதன் பிறகு தலையை நன்றாகக் கழுவி, அன்று ராத்திரி முழுக்க வெறும் தலையோடு தூங்குங்கள். காலையில் சிவப்போ அரிப்போ இருந்தால் மறுபடி ஒட்டாமல் போன் பண்ணுங்கள்.