பி.பி. மெஷினை எப்போது எடுக்க வேண்டும், எப்போது மூடி வைக்க வேண்டும்?

பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவர் வீட்டில் எடுத்த ரீடிங்கை எல்லாம் நோட்டில் எழுதிக் கொண்டு வந்திருந்தார். ஒரு மாலைப் பக்கம் இப்படி இருந்தது: 7:10க்கு 138/86, 7:14க்கு 149/92, 7:17க்கு 156/95, 7:25க்கு 162/98. பயந்து போய் இன்னொரு மாத்திரையைப் போட்டிருக்கிறார். மறுநாள் காலை 104/66, எழுந்து நின்றால் தலைசுற்றல்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவருடைய நோய் ஒன்றும் முற்றிவிடவில்லை. 138ஐப் பார்த்ததும் பயம் வந்தது, பயத்தில் அட்ரினலின் சுரந்தது, இதயம் வேகமெடுத்து ரத்தக்குழாய்கள் இறுகின, அதனால் அடுத்த எண் ஏறியது, அந்த எண்ணைப் பார்த்து இன்னும் பயம். மெஷின் சரியாகத்தான் காட்டியது, ஆனால் காட்டியது அந்த நேரத்துப் பதற்றத்தை. எப்போதாவது 126 வந்தால் மனசு லேசாகும். அந்த நிம்மதி கொஞ்ச நேரத்தில் கரைந்ததும் கை மறுபடி மெஷினைத் தேடும். இந்தப் பழக்கம் விடாமல் ஒட்டிக்கொள்வதே அந்தச் சின்ன நிம்மதியால்தான். பிரஷர் நாள் முழுக்க ஏறி இறங்குவதுதான் இயல்பு, படி ஏறினாலும் பேசினாலும் பத்து இருபது மாறும்.

அவருக்கு நான் சொன்னது, டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள் மட்டும் பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. இரவு படுக்கும் முன் அதேபோல இரண்டு தடவை. அதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் கூடாது. முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே பட்டன். பட்டை வெறும் கையில், இதய உயரத்தில் இருக்கட்டும்; கைக்குச் சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். முதல் நாள் ரீடிங்கை விட்டுவிட்டு மீதி 24ன் சராசரியை எடுங்கள். வீட்டில் 135/85க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் போதும், சிலருக்கு டாக்டர் வேறு இலக்கு சொல்லியிருப்பார். அவருடைய சராசரி 131/82 வந்தது, மாத்திரையை மாற்றவே இல்லை.

அதன்பிறகு வாரத்தில் ஒரு நாள் பார்த்தால் போதும். மாத்திரையை மாற்றினால் மட்டும் மறுபடி ஏழு நாள், அல்லது டாக்டர் சொல்கிறபடி. இடையில் கை பரபரத்தால் மெஷினை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள், முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். அப்படியும் முடியவில்லை என்றால் அது மனநல மருத்துவரிடம் பேச வேண்டிய பதற்றம், சிகிச்சை உண்டு. எது வந்தாலும் நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம்.

180/120ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், பார்வை மங்கல் இருந்தால் மெஷினையே தேடாதீர்கள், எண் எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.