காசுமாலையைக் கவரிங்காக்காதீர்கள்

நிறம் திருத்தச் சொல்லி இந்த மாதம் என்னிடம் வந்த மூன்றாவது ஆல்பம் இது. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த திருமணம். மணப்பெண்ணுக்கு மயில்கழுத்துக் கரை போட்ட அரக்குப் பட்டு, பரம்பரைக் காசுமாலை. அச்சாகி வந்த ஆல்பத்தைப் புரட்டிய அம்மாயி, "ஏன் சாமி, இது கவரிங்கா?" என்று கேட்டுவிட்டார். அதன்பிறகுதான் மூலப்படங்களோடு ஈரோட்டில் என்னிடம் வந்தார்கள்.

மண்டப விளக்கின் மஞ்சள் முகத்தில் படிந்திருந்தது. அதை எடுக்க, ஆல்பம் செய்தவர்கள் படம் முழுவதற்கும் Orange நிறத்தில் Saturation-ஐக் குறைத்து Luminance-ஐ ஏற்றியிருக்கிறார்கள். "Orange என்றால் தோல்" என்று யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! மென்பொருளுக்குத் தோல் எது, தங்கம் எது என்று தெரியாது. நிறம் மட்டுமே தெரியும். மாநிறத் தோலும் 22 காரட் தங்கமும் ஜரிகையும் நிறவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. முகத்தை வெளுத்தால் காசும் சேர்ந்தே வெளுக்கும். கன்னச் சிவப்பைக் குறைக்க Red-ஐத் தொட்டால் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகும், குங்குமமும் மங்கும். இத்தனைக்கும் அந்தப் பெண் தன் முகத்தை வெளுக்கச் சொல்லவே இல்லை.

முதலில் வெண்சமநிலை. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை வெள்ளை என்று நம்பிச் சொடுக்காதீர்கள். அது சந்தன வெள்ளை, படம் நீலம் பாய்ந்துவிடும். அதே விளக்கடியில் நின்றிருந்த உறவினரின் பருத்தி வேட்டியை எடுத்துக்கொண்டேன். 5500-இல் இருந்த Temp 3900-க்கு அருகில் வந்தது. பாதிக்கு மேல் வேலை அங்கேயே முடிந்தது. தங்கமும் தன் நிறத்துக்குத் திரும்பியது.

மீதி மஞ்சளுக்கு முகம், கழுத்து, கைகளுக்கு மட்டும் மாஸ்க் போட்டேன். அதிலிருந்து நெற்றிச்சுட்டி, தோடு, மாலை, வளையல்களைத் தூரிகையால் கழித்துவிட்டு, Saturation-ஐ 8 மட்டும் குறைத்தேன். காசுகளின் இடுக்கில் தெரியும் தோலை விட்டுவிட்டால் அங்கே மட்டும் மஞ்சள் திட்டாக நிற்கும். சிறிய தூரிகையால் அதையும் சேர்க்க வேண்டும். தங்கம் கழுத்தில் வீசும் இளமஞ்சள் ஒளியைத் துடைத்துவிடாதீர்கள், அது உண்மையான ஒளி.

பிறகு 100% அளவில் காசின் நிழல் பக்கத்தைப் பாருங்கள். தேன்பழுப்பாக இருந்தால் சரி. பச்சை தட்டினால் பித்தளை, சாம்பல் தட்டினால் வெள்ளி. எந்தப் படியில் கெட்டதோ அங்கே திரும்பிப் போங்கள்.

ஒன்றை மட்டும் என்னாலும் மீட்க முடியவில்லை. சில JPEG படங்களில் சிவப்பு நிரம்பி வழிந்து, புடவையின் நெசவே தெரியாமல் வெறும் வண்ணத் தகடாகியிருந்தது. அரக்குப் பட்டை எடுக்கும்போது RAW-இல், ஒளியளவை அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். முகூர்த்தத்துக்கு முன் நகையையும் புடவைத் தலைப்பையும் சாம்பல் அட்டையோடு ஜன்னலோரம் வைத்து ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தயவுசெய்து. அந்தக் காசுமாலையை நான் நேரில் பார்த்ததில்லை.