உத்தரப் பிரதேசம் வட மாகாணம் ஆன கதை

புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய மருமகன் இந்தியர், கான்பூரில் பிறந்தவர். அவருடைய பிறப்புச் சான்றிதழை வேறொருவர் ஏற்கெனவே தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் அதைக் கொண்டுபோன அலுவலகத்தில், "வட மாகாணத்தில் எந்தப் பிரதேச செயலகம்?" என்று கேட்டார்களாம்.

"தம்பி, அவர் யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் கண்டதில்லை" என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். உத்தர என்றால் வடக்கு, பிரதேசம் என்றால் மாகாணம் என்று சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்து, "வட மாகாணம்" என்று எழுதியிருந்தார்கள். பொருளில் பிழையில்லை. ஆனால் ஊர்ப்பெயரை, பொருள் தெரிகிறது என்பதற்காக மொழிபெயர்க்கக் கூடாது.

இந்தப் பெயரின் வரலாறும் வேடிக்கையானது. ஆங்கிலேயர் 1836இல் இந்தப் பகுதியின் ஒரு பெரும் பங்கை வடமேற்கு மாகாணங்கள் என்று அழைத்தார்கள். கல்கத்தாவிலிருந்து பார்த்தால் அது வடமேற்கு. 1849இல் பஞ்சாப் அவர்கள் கைக்கு வந்ததும் அந்தத் திசை பொய்த்துப்போனது, பெயர் மட்டும் நின்றது. 1901இல் வடமேற்கு எல்லைப்புற மாகாணம் என்று வேறொன்று உருவானபோது குழப்பம் தாங்காமல், அடுத்த ஆண்டு ஆக்ரா, அவத் ஐக்கிய மாகாணங்கள் என்று மாற்றினார்கள். 1937இல் அது வெறும் ஐக்கிய மாகாணங்கள். 1950 ஜனவரி 24 முதல் உத்தரப் பிரதேசம். ஆங்கிலத்தில் ஐக்கிய மாகாணங்களுக்கும் சுருக்கம் யு.பி.தான், புதிய பெயருக்கும் யு.பி.தான். படத்தை விரித்தால் பஞ்சாப், இமாசலம், காஷ்மீர் எல்லாம் அதற்கும் வடக்கே இருக்கின்றன. ஆக, இந்தப் பெயர் நிலத்தையோ மக்களையோ காட்டுவதில்லை. அலுவலகம் வைத்த திசைப்பெயர் அது. பழைய பத்திரத்தில் இருக்கும் "வடமேற்கு மாகாணங்கள்" என்பதை நம்மவர் யாராவது "வடமேல் மாகாணம்" என்று எழுதினால் ஆளைக் குருநாகலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்து மாநிலமான பீகாரின் பெயர் நமக்குப் பழக்கமானதுதான். அது விகாரை. வடநாட்டுப் பேச்சில் 'வ' பல இடங்களில் 'ப' போல ஒலிக்கும். பௌத்த மடங்கள் நிறைந்த ஓர் ஊருக்கு அந்தப் பெயர் நிலைத்து, பிறகு சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பரவியது. கட்டிடத்தால் பெயர் பெற்ற மாநிலம்!

வடகிழக்கில்தான் கவனம் கூடுதலாகத் தேவை. மேகாலயம் என்றால் மேகங்களின் இருப்பிடம். நிலத்துக்குப் பொருத்தமான பெயர், மழைக்குப் பேர்போன சிரபுஞ்சி அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது சமஸ்கிருதம். அங்கே வாழும் காசி, காரோ மக்களின் மொழிகள் சமஸ்கிருதக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அருணாசலமும் அப்படித்தான். வடகிழக்கு எல்லைப்புற முகமை என்ற நிர்வாகப் பெயரை நீக்கி, 1972இல் வைத்தது. நம்மவருக்கு அருணாசலம் என்றதும் திருவண்ணாமலைதான் நினைவுக்கு வரும். மிசோரம் இதற்கு நேர்மாறு. ஆங்கிலேயர் காலத்தில் லுஷாய் மலைகள் என்றிருந்ததை 1954இல் மிசோ மாவட்டம் ஆக்கினார்கள். மிசோ மொழியில் 'ராம்' என்றால் நிலம், ஆகவே மிசோரம் என்றால் மிசோக்களின் நிலம். இராமருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'மி' மனிதர், 'ஸோ' மேட்டுநிலம் என்று பொதுவாகப் பொருள் சொல்வார்கள். மக்கள் பெயருக்குள்ளேயே மலை இருக்கிறது.

சரி, நம் பக்கம் வருவோம். கொழும்பில் எனக்கு அதிகம் வரும் சிக்கல் தமிழ்நாடுதான். மொழியின் பெயரைத் தாங்கிய அந்த மாநிலம் 1969 ஜனவரி 14 முதல்தான் சட்டப்படி தமிழ்நாடு. அதற்கு முந்தைய ஆவணத்தில் மதராஸ் என்றிருக்கும். நாகர்கோவிலில் ஒரே வீட்டில் 1955இல் அக்காவும் 1958இல் தம்பியும் பிறந்திருந்தால், அக்கா பிறந்தபோது அது திருவிதாங்கூர்-கொச்சி, தம்பி பிறந்தபோது மதராஸ். இடையில் 1956 நவம்பர் 1 அன்று எல்லை மாறியது. "ரெண்டையும் தமிழ்நாடு எண்டு போட்டுவிடுங்கோ சேர்" என்பார்கள். போட முடியாது. தாளில் உள்ளபடி எழுதி, இன்றைய பெயரை அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகத்தான் சேர்க்கலாம்.

அந்த அம்மாவின் தாளில் ஒரேயொரு சொல்லைத்தான் மாற்றினேன். ஆனால் முத்திரை, கையொப்பம் எல்லாம் புதிதாக வைக்க வேண்டியிருந்ததால் முழுப் பக்கத்தையும் திரும்பத் தட்டச்சு செய்தேன். பிறந்த இடம்: கான்பூர், உத்தரப் பிரதேசம், இந்தியா. 'இந்தியா' என்ற சொல் முதல் மொழிபெயர்ப்பில் விடுபட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.