நோட்டில் இருக்கிறது, ஆப்பில் இல்லை

தனிநபர் பெயரில் கூகுள் பிளே டெவலப்பர் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்கும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய கணக்கு என்றால், ஆப்பை நேராகப் பொதுமக்களுக்கு வெளியிட முடியாது. முதலில் மூடிய சோதனை, அதாவது நீங்கள் பட்டியலில் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பை இறக்கிப் பார்க்கும் சோதனை, நடத்த வேண்டும். குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாட்கள் அதில் சேர்ந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் இது 20 பேராக இருந்தது, பிறகு குறைத்தார்கள்.

விதி வந்தவுடனே அதற்கென்று ஒரு வியாபாரமும் வந்துவிட்டது. "12 டெஸ்டர் தருகிறோம், 14 நாள் உத்தரவாதம்" என்று டெலிகிராமில் கூவி விற்கிறார்கள். காசு கொடுத்தால் 12 ஜிமெயில் முகவரிகள் வரும், ஆப்பை இறக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். 12 பேர் எண்ணிக்கை நேராகிவிடும். ஆனால் 14 நாள் முடிந்து வெளியீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, சோதனை செய்தவர்கள் என்ன சொன்னார்கள், அதை எப்படித் திரட்டினீர்கள், அதன்பேரில் எதை மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கும். அங்கே கதை எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கதையோடு போனால்கூடப் பரவாயில்லை. உண்மையான ஆட்கள் கையில் ஆப் என்ன ஆகிறது என்று பார்க்கக் கிடைத்த இரண்டு வாரம் வீணாகிப்போவதுதான் பெரிய நஷ்டம்.

நான் நடத்திக்கொடுத்த ஒரு பீட்டாவை வைத்தே சொல்கிறேன். மளிகைக் கடைகளுக்கான கடன் கணக்கு ஆப். யார் எவ்வளவு பாக்கி என்று அண்ணாச்சிகள் நீள நோட்டில் எழுதுவதை மொபைலுக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவு தெரிந்துவிடும். நண்பர்கள், பழைய அலுவலகத்துக்காரர்கள் எல்லாம் ஆர்வமாக வருவார்கள், "பட்டன் கலர் மாத்தலாம்" என்பார்கள். அவர்கள் யாருக்கும் கடன் கொடுத்துக் கணக்கு எழுதுகிறவர்கள் இல்லை. நாங்கள் ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று தள்ளியிருந்த கடைகளாகப் பார்த்துப் பேசினோம். ஒரே தெருவில் இரண்டு கடை எடுத்தால் போட்டிக்காரர் காதில் விழும் என்று வாயே திறக்க மாட்டார்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒரே மாதிரியான ஆட்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் சோதனை, இதற்குத்தான் அந்தக் கணக்கு. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு போன், ஒவ்வொரு வாடிக்கை என்று இருக்கும் பீட்டாவுக்கு அது போதாது.

சேர்க்கும் அன்று ஒரு சின்னத் தொல்லை வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். டெஸ்டர் பட்டியலில் நீங்கள் போடும் ஜிமெயிலும், அந்தப் போனின் பிளே ஸ்டோரில் இருக்கும் ஜிமெயிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்காரர் போனைப் பெரும்பாலும் மகனோ மருமகனோ அமைத்துக் கொடுத்திருப்பார், எந்தக் கணக்கு என்று அவருக்கே தெரியாது. லிங்க்கை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் "வரலியே தம்பி" என்ற பதில்தான் வரும். நேரில் போய், பிளே ஸ்டோரைத் திறந்து, முகவரியைப் பார்த்து எழுதிக்கொள்வதே சுலபம்.

அடுத்தது, கருத்து கேட்பது. முதல் சில நாளில் எல்லோரிடமும் "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டோம். எல்லோரும் "நல்லாருக்கு தம்பி" என்றார்கள். கடைக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேராகக் குறை சொல்வது நம் ஊர்ப் பழக்கம் இல்லை. அதனால் அபிப்பிராயம் கேட்பதை நிறுத்திவிட்டு, நடந்ததைக் கேட்கத் தொடங்கினோம். "நேத்து சாயங்காலம் கடைசியா யாருக்குக் கடன் கொடுத்தீங்க? அதை ஆப்ல காட்டுங்க." இந்த ஒரு கேள்வியில் ஆப்பும் நோட்டும் ஒன்றாக மேசைக்கு வந்துவிடும். ஏனென்றால் யாருமே நோட்டை விடவில்லை. புது ஆப்பை நம்பி யார்தான் பணக் கணக்கை விடுவார்கள்?

அந்த நோட்டுதான் எங்களுக்கு வழி காட்டியது. கடை அடைக்கும் நேரத்தில் அன்றைய நோட்டுப் பக்கத்தையும் ஆப்பின் பதிவுகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டோம். நோட்டில் இருந்து ஆப்பில் இல்லாத ஒவ்வொரு வரியும் ஒரு கருத்துதான். கடைக்காரர் அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவே.

விடுபட்ட வரிகளைத் தனியாக எழுதிப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. பெரும்பாலானவை மாலை ஆறு மணிக்கு மேல், கூட்ட நேரத்தில் நடந்தவை. பெரும்பாலானவை சின்னத் தொகை. அப்புறம், நோட்டில் அந்தப் பெயர்கள் இருந்த விதம். "மூணாவது தெரு டெய்லர்", "மாடி வீட்டு அக்கா", "பால் பூத் பையன்". ஆப்போ பெயரோடு மொபைல் எண்ணையும் கட்டாயமாகக் கேட்டது. மாடி வீட்டு அக்காவின் எண் அண்ணாச்சிக்கு எதற்கு? தினமும் இரண்டு தடவை படி இறங்கி வருகிறவர். இன்னொன்று, அக்கா வராத நாளில் அவர் மகள் வந்து சோப்பு வாங்கிப் போவாள். நோட்டில் அது அதே பக்கத்தில் ஏறும். ஆப்பில் அவளைப் புது ஆளாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். ஆப்பில் ஓர் ஆளுக்கு ஒரு கணக்கு. சிக்கல் அங்கேதான் இருந்தது.

இதே நேரத்தில் பல கடைக்காரர்கள் கேட்ட வசதி வேறு. "வாயால சொன்னா அதுவே எழுதிக்கிற மாதிரி வைங்க தம்பி." திரும்பத் திரும்ப வந்த கோரிக்கை என்பதால் குழுவில் சிலர் அதைச் செய்துவிடலாம் என்றார்கள். எனக்குச் சம்மதமில்லை. பயனர் சொல்லும் தீர்வை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதற்குப் பக்கத்தில் அந்தத் தீர்வைக் கேட்க வைத்த நிகழ்வையும் எழுத வேண்டும். எப்போது வேண்டியிருந்தது என்று கேட்டால், "ஒரு கையில தராசு, எதுத்தாப்ல நாலு பேரு நிக்கும்போது" என்றார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கையால், கூட்டத்துக்கு நடுவில் முடிகிற பதிவு. கூட்டத்தில் "அக்கா பாக்கி இருநூறு" என்று உரக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டபோது, ஒருவர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார்.

ஆப்பின் லாக்கும் இதையே சொன்னது. பதிவு தொடங்கும்போது `entry_started`, சேமிக்கும்போது `entry_saved` என்று இரண்டு நிகழ்வுகளை மட்டும் நேரத்தோடு பதிந்தோம், வாடிக்கையாளர் பெயரோ தொகையோ எதுவும் அனுப்பவில்லை. முதலாவது வந்து இரண்டாவது வராமல் நின்றவை மாலையில்தான் குவிந்திருந்தன. லாக் எப்போது நின்றார்கள் என்று காட்டும். ஏன் நின்றார்கள் என்று சொல்ல நோட்டும் ஆளும் வேண்டும்.

மாற்றியவை மூன்றே. மொபைல் எண் கட்டாயம் இல்லை. கணக்கு ஓர் ஆளுக்கு என்று இல்லை, நோட்டுப் பக்கம் போல அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். தொகையை முதலில் அடித்துவிட்டு, சமீபத்தில் வந்த பெயர்களில் ஒன்றைத் தொட்டால் முடிந்தது. பட்டன் கலர், புது ஐகான் என்று வந்த மற்றவற்றை அந்தப் பில்ட்டில் சேர்க்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

மாற்றிய பில்ட் போன பிறகு அதே கடைகளில், அதே நேரத்தில், நோட்டையும் ஆப்பையும் மறுபடி ஒப்பிட்டோம். விடுபட்ட வரிகள் நன்றாகக் குறைந்திருந்தன. மிச்சம் இருந்தவற்றின் கையெழுத்து வேறு. கடைப் பையன் எழுதியவை! போன் அண்ணாச்சியின் சட்டைப் பையில், அவர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார், பையன் நோட்டில்தானே எழுதுவான். இரண்டு போனில் ஒரே கணக்கு என்பது பெரிய வேலை. அதை வெளியீட்டுக்குப் பிறகு என்று தள்ளிவைத்தோம், கடைக்காரர்களிடமும் அப்படியே சொல்லிவிட்டோம். கேட்டதைச் செய்யவில்லை என்றால்கூட, ஏன் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த குறையையும் அவர்கள் சொல்வார்கள். பதிலே வராவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

கருத்து வரும் வழியைப் பற்றி இரண்டு விஷயம். எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்றவர்கள் வழிமொழிவார்கள். தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பச் சொன்னால், தட்டச்சு வராதவர்கள்கூடக் கடையில் நின்றபடியே விவரமாகச் சொல்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் வந்தால் மட்டும் கவனம் வேண்டும். அதில் யாரோ ஒருவருடைய கடன் பாக்கி பெயரோடு இருக்கும். குறையைக் குறித்துக்கொண்டு படத்தை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று, பில்ட் எண் எப்போதும் திரையில் எங்காவது தெரிய வேண்டும். பிளே ஸ்டோர் அப்டேட் எல்லாப் போனுக்கும் ஒரே நாளில் போகாது. நீங்கள் சரிசெய்துவிட்ட குறை மறுபடி புகாராக வந்தால், அது பழைய பில்ட்டா, உங்கள் திருத்தம் வேலை செய்யவில்லையா என்று எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக, அவசரத்தில் பலர் செய்கிற ஒரு காரியம். பிளே ஸ்டோர் நடைமுறை நீளமாக இருக்கிறதென்று, ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி நிறுவச் சொல்வது. வேலை நடக்கும். ஆனால் அந்தக் கோப்பின் கையொப்பச் சாவியும் பிளே ஸ்டோர் பதிப்பின் சாவியும் வேறாக இருந்தால், ஒன்றின் மேல் மற்றொன்று நிறுவாது. பழையதை அழித்தால்தான் புதியது ஏறும். அழித்தால் போனுக்குள் மட்டும் இருந்த கணக்கும் போகும். உங்களுக்கு அது சோதனைத் தரவாக இருக்கலாம். அதற்குள் சிலர் நோட்டை நிறுத்திவிட்டு ஆப்பில் மட்டும் எழுதத் தொடங்கியிருப்பார்கள். எனவே முதல் நாளிலிருந்தே பிளே ஸ்டோரின் சோதனை வழியாகவே கொடுங்கள். ஏற்கெனவே ஏபிகே கொடுத்தாகிவிட்டது என்றால், கணக்கை முழுதாக ஒரு கோப்பாக வெளியே எடுத்து மறுபடி ஏற்றும் வசதியை, அதே பழைய சாவியில் கையொப்பமிட்ட அடுத்த பில்ட்டிலேயே சேருங்கள். அதை உங்கள் போனில் ஒரு தடவை அழித்து நிறுவிப் பார்த்த பிறகுதான் கடைக்காரரிடம் பழையதை அழிக்கச் சொல்ல வேண்டும்.