வெளிவராத காட்சியை ரீலில் வைக்காதீர்கள்

ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் போஸ்ட் புரொடக்‌ஷனைக் கவனிக்கிறேன். வேலை கேட்டு ஃப்ரீலான்ஸ் எடிட்டர்கள் அனுப்பும் மெயில்களைப் படித்து ரீல் பார்ப்பதும் என் பொறுப்புதான். இந்த வாரமும் அதே தவறோடு ஒன்று வந்தது, இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மெயில் நன்றாகவே இருந்தது, நாலே வரி, ஒரு யூடியூப் லிங்க். ரீலின் நடுவில் ஒரு வீட்டுக் காட்சி வருகிறது. கலர் கரெக்‌ஷன் ஆகாமல் வெளிறிக் கிடக்கிறது, ஜன்னலுக்கு வெளியே பச்சைத் துணி. கீழே ஓடும் டைம்கோடை மறைக்க ஃப்ரேமைப் பெரிதாக்கியிருக்கிறார், ஆனாலும் குறுக்கே வாட்டர்மார்க்கில் பாதி எழுத்து தெரிகிறது. இன்னும் வெளிவராத ஒரு தொடர் அது. (யாருக்குக் கொடுத்த பிரதி என்பதையே சிலர் வாட்டர்மார்க்காகப் போடுவார்கள், அதுவும் நினைவிருக்கட்டும்.)

போன் போட்டுக் கேட்டேன். "அன்லிஸ்டட்லதான் சார் போட்டிருக்கேன், யாரும் பார்க்க முடியாது" என்றார்.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். அன்லிஸ்டட் என்றால் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். லிங்க் கையில் இருக்கிற எவரும் பார்க்கலாம், யாருக்கும் அனுப்பலாம், யாராவது தங்கள் பப்ளிக் பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிட்டால் முன்பின் தெரியாதவர் கண்ணிலும் படும். நீங்களோ அந்த லிங்கைப் பத்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறீர்கள், அங்கே அது யார் யாருக்குப் போகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? டிரைவில் "லிங்க் உள்ள எவரும்" என்று வைப்பதும் இதே கதைதான். பிரைவேட்டில் போட்டு, எந்த மெயிலுக்கு அனுமதி என்று குறித்தாலும் காட்சி உங்களுடையது ஆகிவிடாது. 1957 காப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியராகக் கருதப்படுபவரே தயாரிப்பாளர்தான், வெட்டி ஒட்டியவர் அல்ல.

ரீலைப் பார்க்கிற நாங்களும் தயாரிப்பாளர்கள்தானே. கட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நாளைக்கு எங்கள் ஃபுட்டேஜும் இப்படித்தான் ஊர் சுற்றும் என்றுதான் முதலில் தோன்றும். அந்தத் தம்பிக்கு நல்ல ரிதம் இருந்தது, ஆனால் ஹார்ட் டிஸ்க்கை நம்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரீலில் வெளிவந்த வேலையை மட்டும் வையுங்கள். வெளிவராததைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், டைரக்டர் வாய்வார்த்தையாகச் சரி என்றது போதாது. அனுமதி கிடைக்கவில்லையா? "ஒரு தொடரில் அசோசியேட்டாக இரண்டு எபிசோட் வெட்டியிருக்கிறேன், வெளியான பிறகு காட்டுகிறேன்" என்று மெயிலில் ஒரு வரி எழுதுங்கள், பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். அந்த வரியே உங்கள் மேல் நம்பிக்கை வரவைக்கும். கையில் வேறு வேலையே இல்லை என்றால் நண்பரின் குறும்படத்திலிருந்து, அவரைக் கேட்டுவிட்டு, இருவர் பேசும் ஒரு காட்சியை முழுதாக அனுப்புங்கள். எங்களுக்கு அது போதும்.

ஏற்கனவே அனுப்பிவிட்டவர்கள் இன்றைக்கே அந்த வீடியோவை பிரைவேட்டுக்கு மாற்றுங்கள். யூடியூபில் அதே லிங்கில் புது வீடியோ ஏற்ற முடியாது, அதனால் சரிசெய்த ரீலைத் தனியாக ஏற்றி, புது லிங்கோடு இன்னொரு மெயில் போடுங்கள்.