மங்கிய மருதாணியைப் படத்தில் சிவக்க வைக்கும்போது தோலைக் கறையாக்காதீர்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா போன மாதம் ஸ்டூடியோவுக்கு வந்தார். தங்கச்சியின் கல்யாணப் படம். "அண்ணே, விடிய விடிய உட்கார்ந்து மருதாணி போட்டோம், படத்துல கை வெறுங்கையா தெரியுது" என்றார். அம்மா மகளின் கையைப் பிடித்திருக்கிற படம் அது. கோலம் இருந்தது, ஆனால் வெளிர் செம்மஞ்சளில், தோலோடு தோலாக ஒட்டிப்போய்.

இது மலையகத்தில் அடிக்கடி வருகிற சிக்கல். மருதாணியின் சாயம் சூடு இருந்தால்தான் தோலில் நன்றாக ஏறும். நம் குளிரில் முதல்நாள் இரவு போட்டு, விரல் விறைக்கிறதென்று சீக்கிரமே கழுவினால், காலையில் வெளிர் நிறம்தான் இருக்கும். அது கருஞ்சிவப்பாக மாற இன்னும் ஒன்றிரண்டு நாள் போக வேண்டும், அதற்குள் படம் எடுத்து முடிந்துவிடும். இந்தப் பயத்தில் சிலர் ஒரு மணி நேரத்தில் கறுக்கிற கறுப்பு கோனைத் தேடுகிறார்கள். அதில் தலைமுடிச் சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கை கொப்பளித்து, தழும்பே விழும். மங்கிய கோலத்தைப் படத்தில் மீட்க முடியும். கொப்பளித்த கைக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

சரி, எப்படி மீட்பது? நம் தொழிலில் பலர் போட்டோஷாப்பில் இடத்தைக் கறுக்க வைக்கும் Burn கருவியை எடுத்துக் கோட்டின்மேல் தேய்ப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். பிரஷ் கோட்டைவிட அகலமாக இருக்கும், பக்கத்துத் தோலும் சேர்ந்து கறுக்கும், தூர வைத்துப் பார்த்தால் கையில் கரி பூசியது போல இருக்கும். கோட்டின்மேல் மட்டும் சரியாகத் தேய்த்தாலும் நிறம் பிசகும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கோலத்தைக் கையால் தேடாமல் படத்தையே தேட வைக்க வேண்டும். கலர் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் அடுக்கு. Channels பலகையில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சிவப்பில் மருதாணி கிட்டத்தட்ட மறைந்துவிடும். நீலத்தில் பளிச்சென்று கறுப்பாக நிற்கும். ஆனால் நீலத்தை மட்டும் நம்பினால் விரலிடுக்கு நிழலும் அதே கறுப்பாக வந்து நிற்கும். நிழல் இரண்டு படங்களிலும் கறுக்கிறது, மருதாணி நீலத்தில்தான் நன்றாகக் கறுக்கிறது. ஆகவே சிவப்பிலிருந்து நீலத்தைக் கழித்தால் நிழல் கழன்றுவிடும், கோலம் தோலைவிட வெளிச்சமாக எஞ்சும்.

போட்டோஷாப்பில் இதற்கு Image > Calculations. Source 1-இல் Blue, Source 2-இல் Red, Blending-இல் Subtract, Result-இல் New Channel. கோலமே தெரியாமல் கை முழுக்கக் கறுத்துப் போனால் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அந்த அக்கா கொண்டுவந்த படத்தில் கோட்டுக்கு நடுவே இருந்த தோல் சிவப்பு 190, பச்சை 146, நீலம் 122. மங்கிய கோடு 178, 118, 84. கழித்தால் தோலுக்கு 68, கோட்டுக்கு 94. விரலிடுக்கு நிழல் 35தான். புதிய சேனலில் Levels திறந்து கறுப்பு முனையை 74-க்கும் வெள்ளை முனையை 94-க்கும் நகர்த்தினேன். தோலும் நிழலும் முழுக் கறுப்பாகிக் கோலம் மட்டும் வெள்ளையாக நின்றது. வேலையின் உயிர் இந்தக் கறுப்பு முனையில் இருக்கிறது. 60-இல் விட்டிருந்தால் தோல் சாம்பலாக நின்று, பின்னால் கை முழுக்க லேசாகப் பழுப்பேறியிருக்கும். கண் அதைச் சட்டென்று பிடிக்காது, ஆல்பத்தில் அச்சானதும் தெரியும்.

கோலத்தோடு வேறு சிலவும் வெள்ளையாக வந்தன. தங்க வளையல், நகப்பூச்சு, குளிரில் சிவந்த விரல் முட்டி. அம்மாவின் கையிலும் ஒன்று வந்தது. வருடக்கணக்கில் கொழுந்து பறித்த கை, பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேயிலைக் கறை ஏறிப் பழுப்பாக இருந்தது. அது சாம்பலாகத் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் மகளின் மருதாணியோடு அம்மாவின் கறையும் கறுத்திருக்கும். எல்லாவற்றையும் கறுப்பு பிரஷால் மூடினேன். அம்மாவின் கை படத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

அப்புறம் Ctrl அழுத்தி அந்தச் சேனலின் சிறுபடத்தைக் கிளிக் செய்து, RGB-க்குத் திரும்பி, Curves அடுக்கு போட்டால் கோலமே முகமூடியாக வந்து உட்காரும், மாற்றம் கோலத்தில் மட்டும் விழும். எவ்வளவு கறுப்பாக்குவது? அளவு அந்தக் கையிலேயே இருக்கும். விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் தோல் தடிப்பு, அங்கே சாயம் நன்றாகப் பிடித்திருக்கும். இந்தப் படத்தில் விரல் நுனி 138, 74, 48. புறங்கை உண்மையிலும் அவ்வளவு சிவக்காது. அதனால் பாதி வழி மட்டும் போனேன்: சிவப்பை 178-இலிருந்து 158-க்கு, பச்சையை 118-இலிருந்து 96-க்கு, நீலத்தை 84-இலிருந்து 66-க்கு. விகிதமாகப் பாருங்கள், சிவப்பு ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது, பச்சையும் நீலமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. மருதாணி சிவக்கிறது என்பது இந்த வித்தியாசம்தான். Burn மூன்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறக்குவதால் கோடு சிவக்காது, நிழல் விழுந்தது போல ஆகும்.

தோல் தப்பியதா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். கோட்டுக்கு நடுவே தோலில் இரண்டு மூன்று இடத்தில் Color Sampler புள்ளி வையுங்கள். Curves அடுக்கை அணைத்து ஏற்றும்போது Info பலகையில் அந்த எண்கள் இரண்டு மூன்றுக்கு மேல் அசைந்தால் தோலும் கறைபட்டிருக்கிறது, Levels-க்குத் திரும்புங்கள்.

படம் கொண்டுவருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் இந்த வேலைக்கு உதவாது. அது படத்தைச் சுருக்கி, கலரின் நுணுக்கத்தைக் கூடுதலாகக் குறைத்துவிடும். கழித்து எடுக்கிற கோலம் முழுக்கக் கலரில் இருப்பதால் ஓரம் கலைந்து தோலுக்குள் வழியும். அந்த அக்கா முதலில் காட்டியதும் அப்படி வந்த படம்தான். கோட்டைச் சுற்றி செம்மஞ்சள் புகை மாதிரி நின்றது. படம் எடுத்தவரிடம் கேட்டு மூலப்படத்தை மெமரி கார்டில் வாங்கி வந்த பிறகுதான் மேலே சொன்ன எண்கள் எல்லாம் கிடைத்தன. மூலப்படம் கிடைக்காவிட்டால் பச்சைச் சேனலை எடுத்துச் செய்கிறேன். ஓரம் சுத்தமாக வரும், நிழலைக் கையால் மூட நேரம் பிடிக்கும்.

சுண்டுவிரல் பக்கம் ஒரு கொடி பாதியில் நின்றிருந்தது. சாயமே பிடிக்காத இடம், மூன்று சேனலிலும் ஒன்றுமில்லை. "அதையும் வரைஞ்சிடுங்கண்ணே" என்றார். நானாக வரைந்தால் தங்கச்சி கையில் இருந்த கோலமாக அது இருக்காது என்று சொல்லி, சிவந்த கோலத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்படியே பிரிண்ட் போடச் சொன்னார்.